ஐதரசனின் சிவப்புக் கோடு: ஒரு சிறு கணக்கு

1868 ஓகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். சென்னை மாகாணத்துக் குண்டூரில் நின்ற பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், சூரிய விளிம்புச் சுவாலைகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அதில் ஐதரசனின் சிவப்புக் கோடு பளிச்சிட்டது. அது ஏன் சிவப்பு என்பதற்கு 1913இல் நீல்ஸ் போர் விளக்கம் தந்தார். அச்சுவேலியில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இன்று அதைக் கொப்பியில் கணித்துவிடலாம்.

ஐதரசனின் இலத்திரன் குறிப்பிட்ட சத்தி மட்டங்களில் மட்டுமே இருக்கும். n ஆம் மட்டத்தின் சத்தி, இலத்திரன் வோற்றில்:

E = −13.6 / n²

இரண்டாம் மட்டம் −3.40, மூன்றாம் மட்டம் −1.51. இலத்திரன் மூன்றிலிருந்து இரண்டுக்கு விழும்போது இந்த இரண்டின் வித்தியாசமான 1.89 ஒளியாக வெளியேறும். 1240ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் நனோமீற்றரில் வரும்:

1240 / 1.89 ≈ 656

இது சிவப்பு. இரண்டாம் மட்டத்துக்கு விழும் இத்தகைய கோடுகளே பாமர் தொடர்.

பலர் சறுக்குவது மறைக் குறியில். கழிக்காமல் கூட்டினால் 4.91 வரும், அலைநீளம் 253 ஆகும். அது கண்ணுக்குத் தெரியாத புறஊதா. ஜான்சென் கண்ணால் கண்ட கோடு அங்கே இருக்க முடியாது என்பதிலிருந்தே பிழையைப் பிடிக்கலாம்.

ஈலியத்தின் மஞ்சள் கோட்டுக்கு இந்தச் சூத்திரம் உதவாது. அதன் அணுவில் இலத்திரன்கள் இரண்டு. அவை ஒன்றையொன்று தள்ளுவதைப் போரின் கணக்கு சேர்க்கவில்லை.