ஒரு ஏக்கர் தென்னை: காய்க் கணக்கும் காசுக் கணக்கும்

ஆனைமலைப் பக்கம் தோப்பு வாங்க வருகிறவர்கள் போடும் முதல் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய். ஆக 7,000 காய். காய் 15 ரூபாய் என்றால் ஒரு லட்சத்து ஐயாயிரம். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே வருமானம் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

தோப்புக்குள் இறங்கி எண்ணினால் கதை வேறு. எழுபதில் ஏழெட்டு மரத்தைக் காண்டாமிருக வண்டோ சிவப்புக் கூன்வண்டோ முடித்திருக்கும். அந்த இடங்களில் வைத்த பிள்ளைகள் இன்னும் காய்ப்புக்கு வந்திருக்காது. காய்க்கிறவை 62 என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பு உள்ள நாட்டு மரம் ஆண்டுக்கு 80 முதல் 100 காய் தரும். நடுவாக 90 என்றால் 5,580 காய். இதில் ஒல்லிக்காய், சொத்தைக்காய், வீட்டுக்கு எடுப்பது, வியாபாரி ‘லாபக்காய்’ என்று எண்ணிக்கைக்கு மேல் ஒதுக்கிக்கொள்வது எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு போய்விடும். காசாக மாறுவது 5,000 காய். முதலில் போட்ட ஏழாயிரத்தில் இரண்டாயிரம் இங்கேயே காணாமல் போயிற்று.

90 என்ற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. தென்னை சுமார் மாதத்துக்கு ஒரு மட்டை விடும். மட்டைக்கு ஒரு பாளை. குரும்பை உதிர்வதெல்லாம் முதல் இரண்டு மூன்று மாதத்தில்தான். கைமுட்டி அளவைத் தாண்டிய காய் பெரும்பாலும் மரத்திலேயே நின்று முற்றும். எனவே தோப்பின் நாலு மூலையிலும் நடுவிலுமாகப் பத்து மரத்தைப் பொறுக்கி, கைமுட்டிக்குப் பெரிதான காய்களை எண்ணினால் அடுத்த எட்டு, ஒன்பது மாத விளைச்சல் ஏறக்குறையத் தெரிந்துவிடும். சாலையோர மரங்களை மட்டும் எண்ணி ஏமாறக் கூடாது. வெயில் நன்றாகப் படுவதால் அவை எப்போதும் கூடுதலாகவே காய்க்கும்.

இனி செலவு. இங்கே வரும் கூலியும் விலையும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் நிலவரத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் மரம் ஏறும் கூலி. மரத்துக்கு 40 ரூபாய், இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு என்றால் ஆண்டுக்கு ஆறு வெட்டு. 62 மரத்துக்கு 14,880 ரூபாய். இதையே 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று வைத்தால் எட்டு வெட்டு. மொத்தக் காய் கூடாது. கூலி மட்டும் ஐயாயிரம் கூடும்.

இந்தக் கூலியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏறுகிறவர் மரத்தை எண்ணித்தான் காசு கேட்பார், காயை எண்ணி அல்ல. வெட்டுக்கு 15 காய் தரும் மரத்தில் ஒரு காயை இறக்க 2 ரூபாய் 67 காசு ஆகிறது. ஐந்தே காய் தரும் மரத்தில் அதுவே 8 ரூபாய். பார்க்க இரண்டும் ஒரே உயரம், ஒரே பச்சை.

அடுத்தது உரம். வேளாண் பல்கலைக்கழகம் காய்க்கும் நாட்டு மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்று சொல்கிறது. ரசாயன உரத்தை ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி என்று பிரித்து, மரத்தைச் சுற்றி ஆறடி வட்டப்பாத்தியில் ஈரம் இருக்கும்போது போட வேண்டும். 62 மரத்துக்குத் தொழு உரம் மூன்று டன், கிலோ 2 ரூபாய் என்றால் 6,200. மூட்டை உரங்கள் சுமார் 6,100. அதில் பெரும்பங்கு பொட்டாஷுக்கே போகும். பாத்தி எடுத்து உரம் வைத்து மூட இரண்டு தடவைக்கும் சேர்த்து ஆள் கூலி 8,000. மொத்தம் இருபதாயிரத்துச் சொச்சம். மரத்துக்கு ஏறக்குறைய 330 ரூபாய்.

விலை சரிந்தால் முதலில் நிறுத்துவது இந்தச் செலவைத்தான். நிறுத்தினால் அந்த ஆண்டு ஒன்றுமே ஆகாது. பாளை உள்ளுக்குள் கருக்கொண்டு, வெளியே வந்து, காய் முற்ற ஏறக்குறைய 44 மாதம் பிடிக்கிறது. வெடித்த பாளை தேங்காயாக மட்டுமே ஒரு வருடம் ஆகும். இன்று வெட்டும் காயில் மூன்றரை வருடத்துக்கு முந்தைய தண்ணீரும் உரமும் இருக்கிறது. அதனால் உரம் போடாத ஆண்டின் நோட்டில் இருபதாயிரம் லாபம் போலத் தெரியும். அது பின்னால் வரப்போகும் வெட்டுகளிலிருந்து வாங்கிய கடன். தோப்பு வாங்குகிறவர் கடைசி மூன்று வருட உரப் பில்லைக் கேட்பது இதனால்தான்.

நீர்ப்பாசனத்தில் மின்சாரம் இலவசம் என்பதால் பலர் செலவே எழுதுவதில்லை. மோட்டார் காயில் கட்டுவது, சொட்டுநீர்க் குழாயை எலியும் அணிலும் கடித்து மாற்றுவது, அடைப்பு எடுப்பது என்று ஆண்டுக்கு 6,000 ஒதுக்கலாம். கிணறு வற்றும் ஆண்டு தனி. கோடையில் சொட்டுநீரிலேயே மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் வேண்டும்; 62 மரத்துக்கு நாலாயிரம் லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கிய தோப்புக்காரர்கள் அந்த ஆண்டுக் கணக்கைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

உழவு, களை, பூச்சி மருந்துக்கு 8,000. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ வந்தபின் இந்த வரியைக் காலியாக விட முடிவதில்லை. வெட்டிய காயைப் பொறுக்கிக் குவிக்க ஆறு வெட்டுக்கு 4,200. உரிக்கும் கூலி காய்க்கு ஒரு ரூபாய். நார் மில்லுக்கு மட்டை போகிற விலையும் ஏறக்குறைய அதுவே என்றால் இரண்டும் நேருக்கு நேர்.

வண்டி வாடகையில் சின்னத் தோப்புக்காரர் அடிபடுகிறார். ஒரு வெட்டுக்கு அவரிடம் இருப்பது 830 காய். சின்ன வண்டி நடைக்கு 1,200 கேட்கும், பாதி காலியாகப் போனாலும் அதே 1,200. ஆறு நடைக்கு 7,200. பக்கத்துத் தோப்பும் அதே நாளில் வெட்டினால் இது பாதியாகும்.

கூட்டிப் பார்த்தால் செலவு 60,620. காய் 15 ரூபாய் என்றால் வரவு 75,000, மிச்சம் 14,380. பத்து ரூபாய்க்கு இறங்கினால் பத்தாயிரத்துக்கு மேல் கைநட்டம். 25-க்கு ஏறினால் 64,000 நிற்கும். இது வெறும் கற்பனை ஏற்ற இறக்கமல்ல. 2023-ல் தோப்பு விலை பத்து ரூபாயைச் சுற்றியே தள்ளாடியது; 2025-ல் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனது. இந்தத் தோப்புக்கு நட்டமில்லாத விலை 12 ரூபாய்ச் சொச்சம். இதில் நிலத்தின் விலையும் சொந்த உழைப்பும் சேரவில்லை.

வியாபாரியே ஆள் கொண்டுவந்து வெட்டி எடுத்துப் போவதாகச் சொன்னால் என்ன செய்வது? ஏறுகூலி, பொறுக்குகூலி, வண்டி மூன்றும் சேர்ந்து 26,280. காய்க்கு 5 ரூபாய் 25 காசு. சந்தையில் 15 ரூபாய் விற்கும்போது அவர் தோப்பில் பத்து ரூபாய் கொடுத்தால் அதுவே மேல். எண்ணும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். விலை ஏறும் நாளில் முற்றாத குலையையும் சேர்த்து இறக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

கடைசியாக அந்த ஐந்து காய் மரத்துக்கு வருவோம். வெட்டுக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு 30; விற்பது 27; வரவு 405 ரூபாய். ஏறுகூலி 240, உரம் 330. தண்ணீரை விட்டுவிட்டாலும் 165 ரூபாய் நட்டம். நல்ல மரம் சம்பாதித்ததில் அது உட்கார்ந்து சாப்பிடுகிறது. எந்த மரம் அது என்று தெரிய வேண்டுமானால், அடுத்த வெட்டின்போது மரங்களுக்கு நம்பர் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் விழுந்த காயைக் குவிக்கும் முன்பே எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஆறு வெட்டும் எழுதியபின் கடைசியில் நிற்கும் மரங்களின் பக்கத்தில் புதுப் பிள்ளைக்குக் குழி எடுக்கலாம்.