100 மைக்ரோலிட்டர் நீர் 100 மில்லிகிராம் எடை காட்டாது

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சர்க்கரை அளவைப் பார்ப்பதற்கு ஒரு சொட்டுக்கும் குறைவான சீரத்தை எடுத்து வினைப்பொருளில் விடுகிறார்கள். அதை அளந்து எடுக்கும் கருவிதான் பிப்பெட். அது சொல்லும் அளவும் உண்மையில் விடும் அளவும் ஒன்றா என்று சோதிக்க, அது விடும் நீரை மின்தராசில் எடை போடுவார்கள். ஐஎஸ்ஓ 8655 தரநிலை வகுத்திருக்கும் முறையும் இதுவே. ஆனால் தராசு காட்டும் எண்ணை அப்படியே அளவாக எடுத்துக்கொண்டால், நல்ல பிப்பெட்டும் பழுதானதாகத் தெரியும்.

100 மைக்ரோலிட்டர் பிப்பெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரநிலைப்படி, அதன் முழு அளவில் சராசரிப் பிழை 0.8 மைக்ரோலிட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் உள்ள சிதறல் 0.3-ஐத் தாண்டக்கூடாது.

எப்படிச் செய்கிறார்கள்?

பிப்பெட், டிப், காய்ச்சி வடித்த நீர் எல்லாவற்றையும் தராசு இருக்கும் அறையிலேயே குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்து, ஒரே வெப்பநிலைக்கு வர விடவேண்டும். பிறகு புது டிப்பைப் பொருத்தி, ஐந்து தடவை நீரை இழுத்து விடுவார்கள். டிப்புக்குள் இருக்கும் காற்று ஈரப்பதத்தால் நிறைந்துவிட்டால், அடுத்து இழுக்கும் நீர் உள்ளேயே ஆவியாகாது.

டிப்பை நீருக்குள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் செங்குத்தாக இறக்கி, மெதுவாக இழுத்து, ஒரு நொடி நிறுத்தி வெளியே எடுக்கவேண்டும். தராசில் உள்ள கலத்தைச் சுழியாக்கி, டிப்பின் நுனி கலத்தின் சுவரைத் தொடும்படி வைத்து நீரை விட்டு, எடையைக் குறிக்கவேண்டும். இப்படிப் பத்துத் தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். கலம் ஒடுங்கி உயரமாக இருந்தால் ஆவியாதல் குறையும்.

இரண்டு திருத்தங்கள்

நம் கூடத்தில் வெப்பநிலை 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பத்து எடைகளின் சராசரி 98.96 மில்லிகிராம். அதை அப்படியே மைக்ரோலிட்டராகப் படித்தால் பிழை 1.04, பிப்பெட் தோற்றுவிட்டது.

முதல் திருத்தம் ஆவியாதலுக்கு. கலத்தைச் சுழியாக்குவதற்கும் எடையைப் படிப்பதற்கும் இடையே கொஞ்சம் நீர் காற்றில் போய்விடுகிறது. அது எவ்வளவு என்று அறிய, பத்து எடைகளும் முடிந்தபின் நீர் விடாமலேயே அதே நேர இடைவெளிகளைக் கழியவிட்டு, கலத்தின் எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். மொத்தம் 0.50 மில்லிகிராம் குறைந்தால் ஒரு தடவைக்கு 0.05. ஆகவே உண்மையில் விட்டது 99.01 மில்லிகிராம்.

இரண்டாவது, எடையை அளவாக மாற்றும் திருத்தம். 27 டிகிரியில் நீர் சற்று விரிந்திருப்பதால் 100 மைக்ரோலிட்டர் நீரின் நிறை 99.65 மில்லிகிராம்தான். அதோடு, சுற்றியுள்ள காற்று நீரைச் சற்றே மேலே தூக்குவதால் தராசு இன்னும் 0.1 குறைத்துக் காட்டுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து Z என்ற ஒரே காரணியாக அட்டவணையில் கொடுத்திருக்கிறார்கள். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் அது 20 டிகிரிக்கு 1.0029, 27 டிகிரிக்கு 1.0045.

99.01 × 1.0045 = 99.46 மைக்ரோலிட்டர். பிழை 0.54 மட்டுமே. சிதறல் 0.10. பிப்பெட் தேறிவிட்டது.

திருத்தம் செய்யாமல், தராசு 100.00 காட்டும்வரை பிப்பெட்டின் திருகைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது உண்மையில் 100.50 மைக்ரோலிட்டர் விட ஆரம்பித்திருக்கும். தேறிய பிப்பெட்டைத் திருத்தப்போய், அரை மைக்ரோலிட்டர் அதிகமாக விடும் பிழையை நிரந்தரமாக ஏற்றிவைத்திருப்போம்.

எண்கள் சொல்லும் கோளாறு

எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாத பிழைகளும் உண்டு. பத்து எடைகளும் ஒரே திசையில் படிப்படியாகக் குறைந்துகொண்டே போனால் கைச்சூட்டைச் சந்தேகிக்கலாம். நெடுநேரம் பிடித்த பிப்பெட் சூடேறி, உள்ளே இருக்கும் காற்று விரிவதால் இழுக்கும் நீர் குறைகிறது. எடைகள் முன்னும் பின்னுமாகச் சிதறினால், டிப் சரியாகப் பொருந்தாமலோ கை சீராக இயங்காமலோ இருக்கலாம். நீர் இழுத்த பிப்பெட்டைச் செங்குத்தாகச் சில நொடிகள் பிடித்துப் பாருங்கள். நுனியில் துளி திரண்டால் உள்ளே காற்றுக் கசிகிறது. அதற்குத் திருகு மருந்தல்ல. அடைப்பு வளையத்தை மாற்றவேண்டும்.

அளவுத்திருத்தச் சான்றிதழ் கைக்கு வரும்போது "தேறியது" என்ற வரியோடு நிறுத்திவிடாமல், நீரின் வெப்பநிலை, காற்றழுத்தம், Z காரணி, ஆவியாதல் இழப்பு ஆகிய நான்கும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அவை இருந்தால்தான் தராசு காட்டிய எடையிலிருந்து அளவு எப்படி வந்தது என்பதை வேறொருவர் மறுபடி கணக்கிட்டுச் சரிபார்க்க முடியும்.