எண்ணெய்ச் சட்டியும் டிஷ்வாஷரும்

தீபாவளிப் பலகாரம் சுட்டு முடித்த அடுப்படி. முறுக்கு பொரித்த இருப்புச்சட்டி, பலகாரத்தை அள்ளிப் போட்ட எவர்சில்வர் தாம்பாளம், ஜல்லிக்கரண்டி, வடை பொரித்த அலுமினியச் சட்டி, பித்தளை முறுக்கு உழக்கு என்று ஒரு குவியல். எல்லாவற்றிலும் ஒட்டியிருப்பது ஒரே எண்ணெய்தான். ஆனால் டிஷ்வாஷருக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதற்கும் அந்த எண்ணெய்க்கும் பெரிய தொடர்பில்லை. அடியில் இருக்கும் உலோகம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

காரணம், இயந்திரத்துக்குள் போடும் பொடி. கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தைப் போல அது மென்மையானதல்ல. சலவை சோடா எனப்படும் சோடியம் கார்பனேட் போன்ற காரப் பொருள்களே அதில் பெரும்பகுதி. எச்சில் பருக்கையையும் பருப்புக் கறையையும் உடைக்க நொதிகளும் சேர்ந்திருக்கும். கடுமையான சுற்றில் தண்ணீர் 65 முதல் 70 டிகிரி வரை சூடாகும். அந்தச் சூடு எண்ணெயை இளக்க, காரம் அதைப் பிரித்தெடுத்துவிடுகிறது. கை தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோகும் பிசுக்கு அப்படித்தான் நீங்குகிறது. ஆனால் மணிக்கணக்கில் பாத்திரம் அந்தச் சூட்டிலும் காரத்திலும் கிடக்கிறது. அதைத் தாங்காத உலோகம் கெடும்.

எவர்சில்வர் தாங்கும். தாம்பாளம், ஜல்லிக்கரண்டி, சாம்பார் பாத்திரம், தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தயங்காமல் வைக்கலாம். அடியில் செம்பு பூசிய பாத்திரமானால் செம்பின் பளபளப்பு போய்விடும். கருகிக் கெட்டியாகி, அரக்குப் போல் ஒட்டிய எண்ணெய்க் கறை ஒரே சுற்றில் போகாது. அதை முதலில் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும்.

இருப்புச்சட்டியும் தோசைக்கல்லும் ஒருபோதும் கூடாது. நாள்பட எண்ணெய் சூடேறி இரும்பின் மேல் மெல்லிய கருந்தோலாகப் படிந்திருக்கும். தோசைக்கல்லைப் பழக்குவது என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். தோசை ஒட்டாமல் வருவது அந்தத் தோலால்தான். இயந்திரத்தின் காரம் அதை அரித்துவிடும். அதன் பிறகு உள்ளே அடங்கிய ஈர ஆவியில் வெறும் இரும்பு துருப்பிடிக்கும். செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால், துருவை நன்றாகத் தேய்த்தெடுத்து, கல்லைச் சூடாக்கி, எண்ணெயை மெல்லியதாகத் தடவிப் பலமுறை பழக்க வேண்டியிருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது அலுமினியம். காற்று பட்டாலே அதன்மேல் மெல்லிய ஆக்சைடு போர்வை உருவாகி உலோகத்தைக் காக்கிறது. காரம் அந்தப் போர்வையைக் கரைத்து, உலோகத்தையும் தாக்கும். வெள்ளையாக உள்ளே போன சட்டி கறுத்து வெளியே வரும். துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டும். இட்லித் தட்டு, பிரஷர் குக்கர் உடல், பலகாரச் சட்டி என்று பல வீடுகளில் இன்னும் அலுமினியம்தான் இருக்கிறது. ஹார்டு அனோடைஸ்டு சட்டியின் கறுப்பு மேற்பரப்பும் அலுமினிய ஆக்சைடுதான் என்பதால் அதுவும் நிறமிழந்து வெளுக்கும். நான்ஸ்டிக் பாத்திரத்திலோ பூச்சு முடியும் விளிம்பில் தெரியும் அலுமினியம் அரிக்கப்படலாம். தயாரித்தவர் அனுமதித்திருந்தால் மட்டும் உள்ளே வையுங்கள். ஏற்கெனவே கறுத்துப்போன வெற்று அலுமினியச் சட்டியில் புளி கரைத்த தண்ணீரைக் கொதிக்கவிட்டால் கறுப்பு பெருமளவு நீங்கும்.

எந்தப் பாத்திரம் அலுமினியம் என்று தெரியாவிட்டால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அலுமினியம் இல்லை. ஒட்டாவிட்டாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது. அப்போது கையில் எடுத்துப் பாருங்கள், அலுமினியம் இலேசாக இருக்கும்.

பித்தளை உழக்கும் மங்கிப்போகும், உள்ளே வேண்டாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு மெல்லிய உலோகம். அதற்கு மென்மையான கையே பொருத்தம். கல்சட்டியும் மண்சட்டியும் சோப்பை உறிஞ்சிக்கொள்ளும். மரக்கரண்டியும் மத்தும் வெடிக்கும். எவர்சில்வர் குக்கரை வைப்பதானால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் தனியே எடுத்துக் கையால் கழுவுங்கள். மூடியின் ஆவித்துளையில் எச்சில் அடைபடாமல் இருக்க வேண்டும்.

உள்ளே போகலாம் என்று முடிவான பாத்திரத்தில் தேங்கியிருக்கும் எண்ணெயை முதலில் ஒரு பாட்டிலில் ஊற்றுங்கள். மிச்சத்தைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள், கழுவ வேண்டாம். பிறகு கீழ்த் தட்டில், வாய் கீழ்நோக்கிச் சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்று கவிழாமல் அடுக்குங்கள். தெறிக்கும் தண்ணீர் உட்புறம் முழுவதும் பட வேண்டும். பொடிக்குப் பதிலாக கைக்கழுவும் சோப்புத் திரவத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள்; நுரை பொங்கி வெளியே வழியும். எண்ணெய்ப் பிசுக்கு அடியிலுள்ள வடிகட்டியில் தேங்கி, அடுத்த சுற்றிலும் பாத்திரத்தில் படியும். பலகாரம் சுட்ட வாரத்திலாவது அந்த வடிகட்டியைக் கழற்றி, வெந்நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.