அசையாத பந்தில் ஸ்ட்ரெய்ட் டிரைவ்

டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடத் தொடங்கும் சிறுவர்களிடம் ஸ்ட்ரெய்ட் டிரைவைப் பார்ப்பது அரிது. குறுக்கே வீசியடிப்பதும் லெக் பக்கம் இழுத்தடிப்பதும் யாரும் சொல்லித்தராமலே வந்துவிடுகின்றன. பந்தை வந்த வழியிலேயே, தரையோடு, பந்துவீச்சாளரைத் தாண்டி அனுப்பும் அடி மட்டும் வருவதில்லை. அதற்கு முக்கியக் காரணம் பந்தின் துள்ளல். 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விழும் புது டென்னிஸ் பந்து குறைந்தது 135 செ.மீ. எழும்ப வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி. கிரிக்கெட் ஸ்டம்பின் உயரமே 71 செ.மீ.தான். ஆகவே தெருவில் வீசப்படும் பந்து ஒன்பது வயதுக் குழந்தையின் நெஞ்சுக்கோ தோளுக்கோதான் வந்து சேரும். அந்த உயரத்தில் மட்டையை நேராகப் பிடித்து அடிக்க வழியே இல்லை. குறுக்கே வீசுவதுதான் அங்கே புத்திசாலித்தனம். ஸ்ட்ரெய்ட் டிரைவுக்கு முழங்காலுக்குக் கீழே கிடைக்கும் பந்து வேண்டும்.

அப்படியொரு பந்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் தருவதுதான் பேட்டிங் டீ எனப்படும் தாங்கியின் வேலை. கடைகளில் ரப்பர் குழாய் பொருத்திய தாங்கிகள் கிடைக்கின்றன. பயிற்சிக்கு வைக்கும் பிளாஸ்டிக் கூம்பும் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேற்பாதியை வெட்டி, வெட்டிய பக்கம் தரையில் படும்படி நிறுத்தினால் அதன் வாயில் டென்னிஸ் பந்து கச்சிதமாக உட்காரும். மட்டை பட்டாலும் இரண்டுக்கும் சேதமில்லை. பந்து தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், அதாவது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் இருந்தால் சரி.

மட்டையின் அளவை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். காலை ஒட்டி மட்டையை நிறுத்தினால் கைப்பிடியின் நுனி இடுப்பு மடிப்பு வரை வரலாம். அதற்கு மேல் போனால் அது அண்ணனின் மட்டை. சச்சின் டெண்டுல்கர் சிறுவயதில் அண்ணனின் பெரிய மட்டையோடு ஆடியதால்தான் கைப்பிடியின் அடியில் பிடிக்கும் பழக்கம் அவருக்கு நிலைத்தது என்பார்கள். அவருக்கு அது ஒத்துவந்தது; தொடக்கநிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு அதைப் பாடமாக்க முடியாது. டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு, கிரிக்கெட் பந்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எனவே கனமான மட்டைக்குத் தேவையே இல்லை. மேலே பிடிக்கும் கை ஒன்றினாலேயே தூக்கி ஆட்ட முடிகிற மட்டைதான் குழந்தைக்கு ஏற்றது.

இனி வருபவை வலது கை ஆட்டக்காரருக்குச் சொல்லப்படுபவை. இடது கைக்காரர் எல்லாவற்றையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

பிடியைச் சொற்களால் விளக்குவதைவிடச் செய்யவைப்பது எளிது. மட்டையின் அடிக்கும் முகம் தரையைப் பார்க்க, கைப்பிடி தன் பக்கம் இருக்க, குழந்தையின் முன்னால் மட்டையைக் கிடத்த வேண்டும். விறகு பிளக்கக் கோடரியை எடுப்பதுபோல இரண்டு கையாலும் அதை எடுக்கச் சொன்னால், பெரும்பாலும் கைகள் தாமாகவே சரியான இடத்தில் அமரும். இடது கை மேலே, வலது கை கீழே, இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி கைப்பிடியின் நடுவிலோ சற்று மேலேயோ இருக்கும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் இடத்தில் ஒவ்வொரு கையிலும் ஆங்கில ‘வி’ எழுத்துபோல ஒரு வடிவம் தெரியும். இரண்டு ‘வி’க்களும் ஒரே கோட்டில் அமைந்து, மட்டையின் பின்புற நடுமேட்டுக்கும் வெளி விளிம்புக்கும் இடையே காட்ட வேண்டும். மேல் கைதான் மட்டையை இறுகப் பிடித்து வழிநடத்துகிறது. கீழ்க்கை கட்டைவிரலாலும் முதல் இரண்டு விரல்களாலும் தளர்வாகப் பிடித்துத் துணைக்கு வருகிறது. அது உள்ளங்கை முழுவதும் பதிந்து கைப்பிடிக்குப் பின்னால் போய்விட்டால் பந்தைத் தள்ளத் தொடங்கும். மட்டையின் முகம் லெக் பக்கம் மூடிக்கொள்ளும்.

நிலைக்கு, அதாவது ஸ்டான்ஸுக்கு, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதங்கள் கிரீஸ் கோட்டுக்கு இணையாக, ஓரடி இடைவெளியில், எடை இரண்டு கால்களிலும் சமமாக இருக்கட்டும். குதிகாலில் சாயாமல் முன்பாதத்தில் நிற்க வேண்டும். முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கும், இடது தோள் பந்துவீச்சாளரை நோக்கியிருக்கும், மட்டையின் நுனி பின்காலின் விரல்களுக்கு அருகே தரையைத் தொடும். தலைதான் இதில் கவனிக்க வேண்டியது. இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் நின்று முன்னால் பார்க்க வேண்டும். உடலைச் சாய்க்காமல் எந்தக் காலை வேண்டுமானாலும் உடனே தூக்க முடிந்தால் நிலை சரி. தலை ஆஃப் பக்கம் சரிந்திருந்தால் முன்காலைத் தூக்குமுன் குழந்தை ஒருமுறை தடுமாறும். அதை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம்.

தாங்கியை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதைக் கண்மதிப்பில் எங்கோ வைத்துவிட்டு, குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி அடிக்கச் சொல்வது வழக்கம். அப்போது எட்டியடிக்கவோ ஒடுங்கியடிக்கவோதான் குழந்தை பழகும். சரியான முறையில் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் பந்து இல்லாமல் குழந்தை நிலையில் நிற்கட்டும். இரண்டு பாதங்களைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிறகு தலையும் முன் தோளும் முதலில் செல்ல, முன்காலை வசதியாக ஓரடி எடுத்துவைத்து, முழங்காலை மடித்து அப்படியே நிற்கச் சொல்ல வேண்டும். அந்தப் பாதத்தின் ஆஃப் பக்கத்தில், ஏறத்தாழ மட்டையின் அகலத்துக்கு, அதாவது அரைச் சாண் அளவுக்கு இடைவெளி விட்டு, கால்விரல்களுக்கு நேராகத் தாங்கியை வைக்க வேண்டும். குனிந்து பார்க்கும் கண்ணுக்கு நேர்கீழே பந்து இருந்தால் இடம் சரி. அதன் பிறகுதான் குழந்தை பழைய நிலைக்குத் திரும்பி அடிக்கத் தொடங்கலாம். சாக்பீஸ் கோடு இல்லாவிட்டால் நாலைந்து அடிகளுக்குள் குழந்தை தன்னையறியாமல் பந்தை நோக்கி நகர்ந்துவிடும்.

ஐந்தாறு மீட்டர் தள்ளி, நேர் எதிரே இரண்டு செருப்புகளை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வைத்தால் அது இலக்கு வாசல். அதற்குப் பின்னே ஒரு சுவர் இருந்தால் பந்து பொறுக்கும் நேரம் மிச்சம். மற்ற குழந்தைகள் மட்டை எட்டாத தூரத்தில், ஆட்டக்காரருக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

அடியின் ஓட்டம் இப்படி இருக்கும்: மட்டை நேராகப் பின்னால் உயர்கிறது; தலையும் முன் தோளும் பந்தை நோக்கிச் செல்ல, முன்கால் அதன் பக்கத்தில் பதிகிறது; முன் முழங்கை உயர்ந்தபடி மட்டை முன்காலை ஒட்டி இறங்கி, முழு முகமும் தெரியப் பந்தைச் சந்திக்கிறது. பலமாக அடிக்கச் சொல்லக் கூடாது. அடித்த பின் கைகள் கண் மட்டத்துக்கு வந்ததும் மட்டையை நிறுத்தி, ‘ஒன்று, இரண்டு’ எண்ணும் வரை சிலைபோல் நிற்கச் சொல்வது நல்ல உத்தி. மட்டையின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதையெல்லாம் அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் பார்த்துவிட முடியும்.

பந்து அசையாததால், அது போகும் திசை அடித்தவரின் பிழையை மட்டுமே சொல்லும். மேலே கிளம்பினால் எடை இன்னும் பின்காலில் இருக்கிறது, அல்லது தாங்கி அதிகம் முன்னால் இருக்கிறது. மட்டை பந்தை விட்டுத் தாங்கியைத் தட்டினால், அடிக்கும் நேரத்தில் தலையும் தோளும் கீழே விழுந்திருக்கின்றன. பந்து மீண்டும் மீண்டும் லெக் பக்கமே போவதுதான் அதிகம் காணப்படும் பிழை. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அடிக்கும் பந்துகளில் பெரும்பாலானவை இடது செருப்புக்கு வெளியே, மிட் ஆன் பக்கம் போகின்றன என்று கொள்வோம். முன்பாதம் பந்தின் பக்கம் வராமல் லெக் பக்கம் விலகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சரியாகத்தான் பதிகிறது என்றால் சந்தேகம் இரண்டின் மேல்: இறுகிய கீழ்க்கை, அல்லது அடிக்குமுன்பே திறந்துகொள்ளும் முன் தோள். இவற்றைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. கீழ்க்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மேல் கையைக் கைப்பிடியில் சற்று இறக்கிப் பிடித்து, அந்தக் கையால் மட்டும் மெதுவாக அடிக்கச் சொல்ல வேண்டும். பந்து இப்போது வாசலுக்குள் போனால் குற்றவாளி கீழ்க்கைதான். அப்போதும் இடப்பக்கமே போனால் தோளைப் பார்க்க வேண்டும். இந்தச் சிறுவனின் பந்து நேராகப் போகிறது. எனவே அவன் இரண்டு கையாலும் பிடித்து, கீழ்க்கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் மட்டையைத் தொட அடிக்கிறான். வேகம் குறைந்து பந்து தவழ்ந்துதான் போகிறது, ஆனால் செருப்புகளுக்கு நடுவே போகிறது. சிறுவனுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்; பொறுக்கச் சொல்லலாம். நேராகப் போவது நிலைத்த பின் மற்ற விரல்களைச் சேர்த்துக்கொண்டால் வேகமும் திரும்பும். இதற்கிடையே தலை, முழங்கை, கால் என்று மற்றவற்றையும் திருத்தப் போனால், எந்தத் திருத்தம் பலித்தது என்பது கற்றுக்கொடுப்பவருக்கே தெரியாமல் போய்விடும்.

எந்தப் பந்தை டிரைவ் செய்யலாம் என்பதைத் தாங்கி சொல்லித்தராது. எப்போது அடிப்பது என்பதையும் அது சொல்லித்தராது, ஏனென்றால் பந்து காத்துக்கொண்டே இருக்கிறது. பத்துப் பந்துகளில் ஏழு வாசலுக்குள் போகத் தொடங்கியதுமே தாங்கியை எடுத்துவிடுவது நல்லது. அடுத்த படியில், கற்றுக்கொடுப்பவர் ஆஃப் பக்கத்தில் நின்று கையை நீட்டி, முன்பு தாங்கி இருந்த இடத்தில் பந்தைக் கைவிடுகிறார். குழந்தையின் தோள் உயரம் ஏறக்குறைய 100 செ.மீ.; அங்கிருந்து விழும் பந்து முதல் துள்ளலில் 55 செ.மீ. அளவுக்கும் இரண்டாவது துள்ளலில் 30 செ.மீ. அளவுக்கும் எழும்பும். இரண்டாவது துள்ளல்தான் டிரைவுக்கு ஏற்றது. காத்திருக்கவும் அது பழக்கும். பந்தை விட்டதும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். குறுக்கே வீசும் பழக்கம் போகாத குழந்தைக்கு இப்படிப் பந்து போட முன்வருவது கற்றுக்கொடுப்பவரின் விரல்களுக்கு நல்லதல்ல.

அதன் பிறகு ஐந்தாறு மீட்டரிலிருந்து, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாமல், மெதுவாக வீசலாம். பழசாகிக் காற்று குறைந்த டென்னிஸ் பந்து இங்கே புதியதைவிட உகந்தது, ஏனென்றால் அது குறைவாகத் துள்ளும். குழந்தை எடுத்துவைக்கும் முன்பாதத்துக்குச் சற்று முன்னால் பந்து பிட்ச் ஆனால், எழும்பத் தொடங்கும் நேரத்திலேயே மட்டை அதைச் சந்திக்கும். அதைவிட முன்னரே பிட்ச் ஆகி முழங்காலுக்கு மேல் வரும் பந்தை டிரைவ் செய்யாமல் விட்டுவிடச் சொல்ல வேண்டும்.