ஷாஃப்ட் எவ்வளவு பருமன்?

வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்பு பிழியும் ஆலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். 10 எச்.பி. மோட்டாரின் ஷாஃப்டை இரண்டு விரல்களால் வளைத்துப் பிடித்துவிடலாம். அதே மோட்டார் கடைசியாகச் சுழற்றும் உருளையின் ஷாஃப்டுக்கு இரண்டு கையும் வேண்டும். நடுவில் புதிதாகச் சக்தி எதுவும் சேரவில்லை. சொல்லப்போனால் பெல்ட்டிலும் கியரிலும் கொஞ்சம் வீணாகித்தான் வருகிறது. ஆனாலும் ஷாஃப்ட் மட்டும் பருத்துக்கொண்டே போகிறது.

காரணம் வேகம். ஷாஃப்ட் கடத்தும் சக்தி என்பது முறுக்குவிசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. சக்தி மாறாமல் வேகத்தைக் குறைத்தால், குறைந்த அளவுக்கு முறுக்கு ஏறியே தீரும். ஷாஃப்டைப் பிய்க்கப் பார்ப்பது இந்த முறுக்குதான், எச்.பி. அல்ல. சக்தியைக் கிலோவாட்டிலும் வேகத்தை நிமிடச் சுற்றிலும் வைத்துக்கொண்டால், முறுக்கு நியூட்டன்-மீட்டரில் இப்படிக் கிடைக்கும்:

T = 9550 × P / N

10 எச்.பி. என்பது ஏறக்குறைய 7.5 கிலோவாட். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது. பெல்ட் அதை ஐந்தில் ஒன்றாக்கி நடு ஷாஃப்டுக்கு 288 சுற்றாகத் தருகிறது. அங்கிருந்து கியர்கள் குறைத்து உருளைக்கு 12 சுற்றாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வீணாவதை இப்போதைக்கு விட்டுவிட்டால் மோட்டாரில் முறுக்கு சுமார் 50, நடு ஷாஃப்டில் 249, உருளையில் ஏறக்குறைய 5,970 நியூட்டன்-மீட்டர்.

அடுத்த கேள்வி, இரும்பு எவ்வளவு தாங்கும் என்பது. உருண்டைக் கம்பியை முறுக்கும்போது அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கின்றன. இப்படி உள்ளே எழும் எதிர்ப்புக்கு வெட்டுத்தகைவு என்று பெயர். மையத்தில் அது பூஜ்யம். வெளியே போகப் போகக் கூடி, மேற்பரப்பில் உச்சத்தைத் தொடும். அதனால் ஷாஃப்டின் மேல்பகுதிதான் பெரும்பாலான சுமையைச் சுமக்கிறது. நடுவில் பாதி விட்டம் வரை உள்ள இரும்பு முழுவதும் சேர்ந்து தாங்குவது மொத்த முறுக்கில் பதினாறில் ஒரு பங்குதான்.

சாதாரண மைல்டு ஸ்டீல் 250 மெகாபாஸ்கல் இழுவையில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். வெட்டில் அதன் பாதியை, அதாவது 125-ஐ எல்லையாகக் கொள்வது பத்திரமான வழக்கம். அதையும் மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 40. சாவிக்காகப் பள்ளம் வெட்டிய ஷாஃப்டுக்குப் பாடப்புத்தகங்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் எண்ணும் இதுவே. பள்ளம் இல்லையென்றால் 55 வரை விடுகிறார்கள். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன். நம் ஆலையில் புல்லிக்கும் கியருக்கும் சாவி உண்டு, அதனால் 40.

இனி விட்டம்:

d³ = 16 T / (π τ)

இங்கே T நியூட்டன்-மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், அதாவது மேலே வந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்க வேண்டும். மறந்தால் விடை சரியாகப் பத்தில் ஒரு பங்காக வரும், ஏனென்றால் ஆயிரத்தின் கனமூலம் பத்து. 32 மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்தில் 3.2 வந்து நின்றால் எங்கே தவறியது என்று உடனே புரிந்துவிடும்.

நடு ஷாஃப்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 16 × 2,49,000-ஐ 125.7-ஆல் வகுத்தால் சுமார் 31,700. கனமூலம் 31.6 மில்லிமீட்டர். இதே வழியில் மோட்டாருக்கு 18.5, உருளைக்கு 91. முறுக்கு 120 மடங்கு ஏறியும் விட்டம் ஐந்து மடங்குகூட ஏறவில்லை. எல்லாம் அந்தக் கனமூலத்தின் வேலை. திருப்பிப் பார்த்தால் பயமும் அங்கேதான்: தேய்ந்த ஷாஃப்டை லேத்தில் பத்து சதவீதம் கடைந்து குறைத்தால், தாங்கும் திறன் 27 சதவீதம் போய்விடும்.

கணக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்த மோட்டாரின் ஷாஃப்டை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். நம் கணக்கு சொன்னது 18.5, சர்வதேசத் தர அளவில் செய்த 7.5 கிலோவாட், 1440 சுற்று மோட்டாரில் இருப்பது 38 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல். தயாரிப்பாளர் இரும்பை வீணடிக்கவில்லை. மேலே உள்ள சூத்திரம் முறுக்கை மட்டும் பார்க்கிறது. ஷாஃப்ட் வளைவதைப் பார்க்கவில்லை. ஷாஃப்டின் வெளிமுனையில் புல்லியை மாட்டி, பெல்ட்டை இறுக்கியதுமே அது ஷாஃப்டைப் பக்கவாட்டில் இழுக்கத் தொடங்குகிறது. போதாததற்கு, மோட்டாரின் உள்ளே ரோட்டருக்கும் சுற்றியுள்ள ஸ்டேட்டருக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளிதான். ஷாஃப்ட் சற்றே தொய்ந்தாலும் இரண்டும் உரசும்.

நடு ஷாஃப்டுக்கும் அந்த இழுப்பு உண்டு, அதைக் கணக்கில் கொண்டுவருவோம். புல்லியின் விட்டம் 600 மில்லிமீட்டர் என்றால், 249 நியூட்டன்-மீட்டர் முறுக்குக்குப் பெல்ட் சுமார் 830 நியூட்டன் விசை கொடுக்க வேண்டும். தட்டைப் பெல்ட்டில் இறுகிய பக்கமும் தளர்ந்த பக்கமும் சேர்ந்து ஷாஃப்டை இழுப்பது ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு, 1,660. புல்லி பேரிங்கிலிருந்து 150 மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருந்தால், வளைக்கும் திருப்புத்திறன் 1,660 × 0.15. விடை மறுபடி 249. முறுக்கு எவ்வளவோ அவ்வளவே வளைப்பும்.

ஆலையில் கரும்பு ஒரே சீராக உள்ளே போவதில்லை. கட்டுக் கட்டாகத் திணிக்கிறோம், உருளை திணறுகிறது. கனமான சக்கரம் மாட்டியிருந்தால், திணறும் நேரத்தில் அதில் சேர்ந்திருந்த வேகமும் ஷாஃப்டின் மேல்தான் வந்து விழும். இப்படிப்பட்ட அடிக்கு வளைப்பை 2-ஆலும் முறுக்கை 1.5-ஆலும் பெருக்குவது நடைமுறை. இரண்டும் செங்குத்தான இரு திசை விசைகள்போல வர்க்கமாகக் கூடும்: 2-இன் வர்க்கம் 4, 1.5-இன் வர்க்கம் 2.25, கூட்டினால் 6.25, வர்க்கமூலம் 2.5. அதாவது நம் ஷாஃப்ட் 249 அல்ல, 622 நியூட்டன்-மீட்டர் முறுக்கு வந்ததைப்போல நடந்துகொள்ளும். விட்டம் 42.9. பேரிங் கடையில் இந்த அளவில் உள்துளை ஐந்து ஐந்தாகத்தான் ஏறும், ஆகவே 45. சூத்திரம் முதலில் சொன்ன 31.6-ஐ நம்பி 32 போட்டிருந்தால், இதே சுமையில் தகைவு 97-ஐத் தொட்டிருக்கும். புல்லியை 150-க்குப் பதிலாக 75 மில்லிமீட்டரில், பேரிங்கை ஒட்டி வைத்தால் 38.5 போதும். இரும்பு வாங்கும் முன் புல்லியை உள்ளே தள்ள முடியுமா என்று பார்ப்பது மலிவான வழி.

இவ்வளவு செய்தும் ஷாஃப்ட் உடைந்தால், உடைந்த முகமே காரணத்தைச் சொல்லும். ஒரே நேரத்தில் வந்த பெரும் முறுக்கில் போனதென்றால், மைல்டு ஸ்டீல் குறுக்கே ஓரளவு தட்டையாக அறுந்திருக்கும். நேராக வெட்டிய சாவிப்பள்ளம் திருகு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியானால் அடைப்பையும் அளவையும் பாருங்கள். ஆனால் முகத்தின் ஒரு பகுதி வழவழவென்று, சிப்பி ஓட்டில் உள்ளதுபோல வளைகோடுகளோடு இருந்து, மீதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அது களைப்பு முறிவு. ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து, விரிசல் பல நாளாக மெல்ல வளர்ந்திருக்கிறது. அது பெரும்பாலும் தொடங்கும் இடம் சாவிப்பள்ளத்தின் கூர்மூலை அல்லது விட்டம் படிபோலக் குறையும் இடம். அங்கே கூர்மையை விட்டுவிட்டு ஷாஃப்டை மட்டும் பருமனாக்கினால் அதே மூலையில் மறுபடி விரிசல் விடும்.

ஆகவே புது ஷாஃப்ட் கடையக் கொடுக்கும் முன் உடைந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். பட்டறையில் எச்.பி. மட்டும் சொல்லாமல், சுற்று எத்தனை, புல்லி பேரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி என்றும் சொல்லுங்கள். படியின் மூலையை உருண்டையாகக் கடையச் சொல்லுங்கள். பழையதை அளந்து அப்படியே இன்னொன்று செய்தால் அதுவும் அதே இடத்தில்தான் உடையும்.