வெள்ளையில் கரையும் சாம்பல்

மின்கட்டணம் கட்டும் செயலி ஒன்றின் திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணி. நடுவில் ‘நுகர்வோர் எண்ணை உள்ளிடவும்’ என்று வெளிர் சாம்பலில் ஒரு வரி. அடியில் ஆரஞ்சுப் பொத்தான், அதன்மேல் வெள்ளையில் ‘கட்டணம் செலுத்து’. வடிவமைத்தவரின் பெரிய மானிட்டரில் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். உச்சிவெயிலில், மலிவான போனில், வயதான ஒருவர் பார்க்கும்போது அந்தச் சாம்பல் வரி கண்ணுக்கே தட்டுப்படாது.

அது சரியா தவறா என்று வாதாட வேண்டியதில்லை, அளந்துவிடலாம். எழுத்தின் ஒளிர்வையும் பின்னணியின் ஒளிர்வையும் ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணைக் கான்ட்ராஸ்ட் விகிதம் என்கிறார்கள். இரண்டும் ஒரே நிறமென்றால் 1, வெள்ளையில் கறுப்பென்றால் 21. இணைய அணுகல்தன்மைக்கான உலகளாவிய வழிகாட்டியான WCAG, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 வேண்டும் என்கிறது. 4.5 சும்மா வந்த எண் அல்ல. நல்ல பார்வை உள்ளவருக்கு 3 போதும் என்ற பழைய அளவை எடுத்து, எண்பது வயதை ஒட்டியவர்களுக்கு வழக்கமாக இருக்கும் பார்வைக் குறைவுக்காக ஒன்றரை மடங்காக்கியிருக்கிறார்கள்.

இனி ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருவோம். போனில் எடுத்த PNG கோப்பையே பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எழுத்தைச் சுற்றி நிறம் கலங்கிவிடும். நிறத்தைத் தொட்டெடுக்கும் கருவியால் எழுத்தைத் தொடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் விளிம்பில் பாதிச் சாம்பல், கால் சாம்பல் என்று பல நிழல்கள் தெரியும். வளைவு பிசிறில்லாமல் தெரிவதற்காகப் போனே செய்யும் பூச்சு அது. அதைத் தொட்டால் உள்ளதைவிட வெளிறிய நிறம் கிடைக்கும். தடிமனான கோட்டின் நடுவில், அடுத்தடுத்த புள்ளிகள் ஒரே நிறமாக இருக்கும் இடத்தைத் தொட வேண்டும். தமிழில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. சின்ன எழுத்தில் மெய்யின் புள்ளிக்கு முழு நிறமே கிடைக்காமல் போகலாம். அளவுகோல் ‘தேறியது’ என்றாலும் ‘க்’ வெறும் ‘க’வாகத் தெரியும். அதனால் தமிழுக்கு 4.5-ஐ ஒட்டி நிற்காமல் சற்றுத் தாராளமாகவே வைக்கச் சொல்வேன்.

நம் திரையில் சாம்பல் எழுத்து #9E9E9E என்று வருகிறது. வெள்ளையின்மேல் 2.68, தேறவில்லை. #757575 ஆக்கினால் 4.61, தேறிவிடும். ஆனால் அதே செயலியின் அடுத்த திரையில் பின்னணி தூய வெள்ளை இல்லை, #F5F5F5. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விகிதமோ 4.23-க்கு இறங்கிவிடும். ஆகவே நிறத்தைத் தனியாகப் பரிந்துரைக்கக் கூடாது, ஜோடியாகத்தான் சொல்ல வேண்டும். #616161 என்றால் வெள்ளையில் 6.19, மற்றதில் 5.68. இரண்டு திரைக்கும் அதுவே போதும்.

பொத்தான்தான் சண்டை வரும் இடம். #FF9800 ஆரஞ்சின்மேல் வெள்ளை எழுத்துக்கு 2.16 மட்டுமே. ஒளிர்வுக் கணக்கில் பச்சைக்கு ஏழு பங்கு, சிவப்புக்கு இரண்டு, நீலத்துக்கு ஒரு பங்குகூட இல்லை. ஆரஞ்சில் பச்சை நிறையக் கலந்திருப்பதால் அது நாம் நினைப்பதைவிட வெள்ளைக்கு நெருக்கமானது. வழி இரண்டு. ஆரஞ்சை அப்படியே விட்டு எழுத்தை #212121 ஆக்கினால் 7.47. வெள்ளை எழுத்துதான் வேண்டுமென்றால் பொத்தானை #B45309 வரை கறுக்க வேண்டும், அப்போது 5.02. அது ஆரஞ்சே அல்ல, செங்கல் நிறம் என்று நிறுவனத்தார் முகம் சுளிப்பார்கள். நான் முதல் வழியையே சொல்வேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரஞ்சில் கறுப்பைவிட வெள்ளைதான் படிக்க எளிது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது வெறும் பிடிவாதமும் அல்ல. இந்தச் சூத்திரம் எழுத்தின் தடிமனைக் கணக்கில் எடுப்பதில்லை, இருண்ட நிறங்களில் தடுமாறுகிறது என்ற விமர்சனம் உண்டு. APCA என்ற மாற்றுக் கணக்கு உருவாகி வருவதும் அதனால்தான். ஆனால் தணிக்கையில் இன்று கேட்கப்படுவது பழைய விகிதமே.

எல்லாம் திருத்திய பிறகு டார்க் மோடில் இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். #121212 பின்னணியில் அந்தச் செங்கல் நிறத்தை எழுத்தாகப் போட்டால் 3.73, மறுபடி தோல்வி. அங்கே பழைய ஆரஞ்சே 8.7 வாங்கித் தேறிவிடுகிறது. ஒரே செயலிக்கு இரண்டு நிறப் பட்டியல் எழுதித்தான் ஆக வேண்டும்.