விதைநெல்லின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்!

பாரம்பரிய நெல் விதை விற்க விரும்பும் விவசாயிகள் பலர், செல்போனில் சின்ன வீடியோ எடுத்து யூடியூப் ஷார்ட்ஸில் போடுகிறார்கள். ஆனால், அதே விதையைத் தேடுபவரின் கண்ணில் அந்த வீடியோ படாமல் போவதுண்டு. தலைப்பு, விளக்கம் ஆகியவற்றோடு, வீடியோவுக்குள் இருப்பதும் தேடும் சொல்லோடு பொருந்துகிறதா என்று யூடியூப் பார்க்கிறது. நாம் பேசுவதைக் கேட்டு அதுவே எழுத்தாக மாற்றிக்கொள்கிறது. இதுபோன்ற தளங்கள் திரையில் நாம் போடும் எழுத்துகளையும் படித்துக்கொள்கின்றன.

ஒரு வீடியோவில் விவசாயி கதிரைக் கையில் பிடித்து, “இதோ பாருங்க, இதுதான் நம்ம நெல்லு. நல்லா வந்திருக்கு. வேணும்ங்கறவங்க கூப்பிடுங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவருக்குப் புரியும். ஆனால், எழுத்தாக்கினால் அதில் ரகத்தின் பெயரே இல்லை. அதையே, “இது மாப்பிள்ளைச் சம்பா நெல். வயது சுமார் 160 நாள். சிவப்பு அரிசி. விதைநெல் எங்கிட்ட இருக்கு” என்று சொன்னால், வாங்குபவர் தேடும் சொற்கள் எல்லாம் வந்துவிடும். வாங்குபவர் எப்படிக் கேட்பாரோ, அப்படியே சொல்லுங்கள்.

பாட்டு வேண்டாம், மோட்டார் வேண்டாம்

பின்னணியில் பாட்டு, மோட்டார் சத்தம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, தொடக்கத்தில் நெடுநேரம் பேசாமல் இருப்பது, இவையெல்லாம் எழுத்தாக்கத்தைக் கெடுக்கும். சில நேரம் எழுத்தே வராது. காற்று பலமாக அடித்தால் வரப்பை விட்டு மறைவான இடத்துக்கு வந்து பேசுங்கள்.

‘மாப்பிள்ளைச் சம்பா விதைநெல்’ என்று பெரிய எழுத்தில் திரையின் நடுப்பகுதியில் போடுங்கள். கீழேயும் வலது ஓரத்திலும் போட்டால், யூடியூப் காட்டும் சேனல் பெயரும் பொத்தான்களும் அதை மறைத்துவிடும். பலர் ஆங்கில எழுத்தில் தேடுவதால், தலைப்பில் mappillai samba என்பதையும் சேருங்கள்.

சரிபார்ப்பது எப்படி?

வீடியோவைப் போட்டு சில மணி நேரம் கழித்து, அதில் CC-ஐ இயக்கிப் பாருங்கள். ‘மாப்பிள்ளை சம்பளம்’ என்று வந்திருந்தால், எந்திரம் தவறாகக் கேட்டிருக்கிறது. கணினியில் studio.youtube.com சென்று, Subtitles பகுதியில் அந்த வீடியோவைத் தேர்ந்து, Duplicate and edit மூலம் திருத்தி, Publish கொடுங்கள். எழுத்தே வராவிட்டால், அங்கேயே நீங்கள் தட்டச்சு செய்யலாம். கணினி இல்லாவிட்டால் அமைதியான இடத்தில் மறுபடி பேசி எடுப்பதே எளிது.

ரகத்தின் பெயரைப் பத்து முறை சொன்னால் பத்து மடங்கு பலன் வராது. பார்ப்பவர் சலித்துத் தள்ளிவிடுவார். அதையும் யூடியூப் கணக்கில் எடுக்கும். இல்லாத ரகத்தின் பெயரைச் சொல்லி ஆள் சேர்த்தாலும், போன் செய்பவர் வாங்கப்போவதில்லை. தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை தெளிவாகச் சொன்னால் போதும்.